காரணம் என்ற கட்டம்

ஊரார் பெற்ற பிள்ளைகளின் ரெஸ்யூமைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதற்கே மாதச் சம்பளம் வாங்குகிறவள் அக்கா. லிஃப்ட் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை. மேசைக்கு வரும் ரெஸ்யூமை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தால் போதும், கூப்பிட வேண்டியது எது, ஓரம் கட்ட வேண்டியது எது என்று சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்குத் தன் சொந்தத் தம்பியின் ரெஸ்யூம் மட்டும் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது.

தம்பி மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். ஆறாவது செமஸ்டரில் நாலு பேப்பரில் அரியர் வைத்தான். மூன்றை அடுத்த தடவையே எழுதித் தேறிவிட்டான். நாலாவது, வெப்பம் எப்படி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிறது என்று சொல்லும் பாடம். அது மட்டும் அவன் மண்டைக்குள் போவேனா என்று அடம் பிடித்தது. மூன்றாம் முறைதான் தேறினான். அதற்குப் பிறகு ஒரு பாடமும் பாக்கியில்லை, கூடப் படித்தவர்களோடு சேர்ந்தே பட்டமும் வாங்கினான். ஆனால் கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்த கம்பெனிகளெல்லாம் வாசலிலேயே ஒரு நிபந்தனை வைத்திருந்தன. இப்போது அரியர் இல்லை என்றால் போதாது, எப்போதுமே இருந்திருக்கக் கூடாது. ஆக மற்றவர்கள் நேர்காணலுக்கு டை கட்டிக்கொண்டு போனபோது, இவன் விடுதியில் அவர்களுக்கு டை கட்டிவிட்டான். பட்டம் வாங்கி ஒரு வருஷம் ஆகியும் வீட்டில்தான் இருந்தான்.

இதில் இன்னொரு சிக்கல். போனது நாலு பேப்பர் என்பது அக்காவுக்கும் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும். அம்மாவுக்குச் சந்தேகம், கேட்கவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றையும் அவர் பேப்பர் திருத்தியவர் தலையில் கட்டிவிட்டார். பெரியப்பா போனில் கேட்கும்போதெல்லாம், "ஒரு பேப்பர்தான் போச்சு, அதுவும் திருத்தினவன் தூக்கக் கலக்கத்துல திருத்தியிருப்பான்" என்பார். மற்றபடி பையன் முதல் வகுப்பு என்று அடித்துச் சொல்வார். அப்போதெல்லாம் தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவான்.

அந்த ரெஸ்யூமை அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையில் போட்டு அறுவை சிகிச்சை செய்தாள். முதலில் புகைப்படம் போயிற்று. அப்பா பெயர், பிறந்த தேதி, மதம் என்று பிறந்த நேரம் மட்டும் இல்லாத ஜாதகம் ஒன்று இருந்தது, அதுவும் போயிற்று. பொழுதுபோக்கு, பாட்டுக் கேட்பது என்றிருந்த வரியும் போயிற்று. அவன் கடைசி வருஷம் செய்த ப்ராஜெக்ட், பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்றைப் பிரித்து அதில் எங்கே மின்சாரம் வீணாகிறது என்று அளந்தது, அது மூன்றாம் பக்கத்தில் மூலையில் கிடந்தது. அதைத் தூக்கி முதல் பக்கத்தில் உட்கார வைத்தாள். ஒரு குளிர்சாதன சர்வீஸ் கடையில் அவன் இரண்டு மாதம் வேலை பழகியது அதற்கடுத்து வந்தது. படிப்பு கீழே இறங்கியது. பட்டம், கல்லூரி, முடித்த வருஷம், அவ்வளவுதான்.

மொத்த மதிப்பெண் பத்துக்கு 6.4. அதைப் போடவில்லை.

முதல் வகுப்புக்கு 6.5 வேண்டும், அதையே போட்டால் என்ன என்று தம்பி மெதுவாகக் கேட்டுப் பார்த்தான். அக்கா பேனாவால் அவன் முட்டியில் ஒரு தட்டு தட்டினாள்.

"ரெஸ்யூம் ஒண்ணும் வாக்குமூலம் இல்லடா, எல்லாத்தையும் கொட்டணும்னு. கேக்காததைச் சொல்ல வேணாம். கேட்டா மறைக்கக் கூடாது. நம்பரை மட்டும் சாகுற வரைக்கும் மாத்தக் கூடாது. வேலைக்குச் சேர்ந்தப்புறம் கூட மார்க் ஷீட்டை எடுத்து வச்சு சரிபார்ப்பாங்க. மாட்டினா அன்னைக்கே வெளியதான்."

பொன்னான புத்திமதி. அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிற பெண்களுக்கும் இதையேதான் சொல்வாள். ஆனால் ஊருக்கு உபதேசம் செய்கிறவர்களுக்குச் சொந்த வீட்டில் அது மறந்துபோகும் போலிருக்கிறது.

பெரிய கட்டடங்களுக்குக் குளிர்சாதனம் அமைத்துப் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் பயிற்சிப் பொறியாளர் வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். அரியர் கூடாது என்ற நிபந்தனை இல்லை. ரெஸ்யூமோடு இணையத்தில் ஒரு விண்ணப்பமும் நிரப்ப வேண்டும். அதில் நேராகவே கேட்டிருந்தார்கள், எந்தப் பாடத்திலாவது தவறியது உண்டா, எத்தனை, இப்போது பாக்கி இருக்கிறதா என்று. அக்கா கண் சிமிட்டாமல் நிரப்பினாள். உண்டு. நாலு. பாக்கி இல்லை. அதற்குக் கீழே ஒரு சின்னக் கட்டம், காரணம் என்று.

அங்கேதான் சறுக்கினாள். எண்ணைச் சரிபார்ப்பார்கள், காரணத்தை எவன் சரிபார்க்கப் போகிறான் என்று ஓடியது புத்தி. தம்பியைக் கேட்டாள். அவன் தோளைக் குலுக்கினான். தோள் குலுக்கலைக் கட்டத்தில் எழுத முடியாது. அந்த வருஷம் அப்பா குளியலறையில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டு ஒன்றரை மாதம் படுத்திருந்தது அவள் நினைவுக்கு வந்தது. தந்தையின் விபத்து, குடும்பப் பொறுப்பு என்று அழகாக இரண்டு வரி தட்டினாள். எழுதி முடித்ததும் அவளுக்கே கண் கலங்கியது. அவ்வளவு நன்றாக வந்திருந்தது. தம்பி எதுவோ சொல்ல வாயெடுத்தான், அதற்குள் அனுப்பிவிட்டாள்.

ஒரு திங்கட்கிழமை, வியாழனன்று நேர்காணலுக்கு வரச் சொல்லிப் பதில் வந்தது. வீடே ஒரு சுற்றுப் பெருத்தது. தம்பி இரண்டு சட்டைகளை மாற்றி மாற்றித் தேய்த்தான். இதுவும் போனால் என்ன ஆகும் என்று யாரும் பேசவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். பெரியப்பா தன் கடையில் கணக்கு எழுத ஆள் வேண்டும் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பியிருந்தார். மூன்றாம் முறை சொன்னால் அப்பாவால் மறுக்க முடியாது. மெக்கானிக்கல் படித்தவன் நிழலில் உட்கார்ந்து சரக்கு வரவு எழுத வேண்டியதுதான்.

அந்த மூன்று நாளும் அக்கா அவனை விடவில்லை. பாடத்தில் தவறியதைப் பற்றிக் கேட்டால் மூன்றே வாக்கியம், நடந்தது, அதற்குப் பிறகு செய்தது, இப்போது நிலைமை, முடிந்தது, அதற்கு மேல் அழவும் கூடாது, அளக்கவும் கூடாது என்று சொல்லிக்கொடுத்தாள். முறை சரியான முறைதான். முதல் வாக்கியம்தான் புளுகு. பல் தேய்க்கும்போதும் சொல்ல வைத்தாள், மாடிப்படி ஏறும்போதும் சொல்ல வைத்தாள். கிளிப்பிள்ளை தோற்றது.

புதன்கிழமை சாயங்காலம் அப்பா வேலை முடிந்து வந்தார். பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பர் அவர். எந்த வண்டி எத்தனை மணிக்குப் போயிற்று, எத்தனை மணிக்கு வந்தது, ஏன் தாமதம் என்று கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர். ஒத்திகை நடக்கிறது என்று கேள்விப்பட்டதும், நடத்துநர் தேர்வுக் குழுவில் ஒரு தடவை தானும் உட்கார்ந்ததாகவும், கேள்வி கேட்கத் தன்னைவிடத் தகுதியானவர் இந்த வீட்டில் இல்லையென்றும் அறிவித்தார். உள்ளே போய்ச் சட்டையைக்கூட மாற்றிக்கொண்டு வந்தார். சாப்பாட்டு மேசை துடைக்கப்பட்டது. அம்மா வரவேற்பாளராக நியமனமாகி, சமையலறை வாசலில் நின்று அடுத்தவர் வரலாம் என்றாள். வரிசையில் இருந்ததே ஒருவன்தான்.

தம்பி கதவைத் தட்டி, அனுமதி கேட்டு, உட்காரச் சொன்ன பிறகு உட்கார்ந்தான். அப்பா ஜோராகத்தான் ஆரம்பித்தார். பெயர் கேட்டார், படிப்பு கேட்டார், ப்ராஜெக்ட் கேட்டார். குளிர்சாதனப் பெட்டியில் மின்சாரம் எங்கே வீணாகிறது என்று பையன் விரலால் மேசையில் கோடு போட்டு விளக்கியபோது அவர் முகம் மலர்ந்ததை அக்கா பார்த்தாள். தேர்வாளர் மலரக் கூடாது என்று சைகை காட்டினாள். உடனே முகத்தை இறுக்கிக்கொண்டு, படிப்பில் ஏதாவது தடங்கல் உண்டா என்று கேட்டார்.

கேட்டதுதான் தாமதம். மூன்று நாள் ஊட்டியது மடை திறந்தது.

"ஆமா சார். ஆறாவது செமஸ்டர்ல நாலு பேப்பர்ல ஃபெயில் ஆனேன். அந்தச் சமயத்துல அப்பாவுக்குக் கால் முறிஞ்சு, குடும்பப் பொறுப்பு முழுக்க என் மேல விழுந்துச்சு. அப்புறம் நாலையும்..."

எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வாய் திறந்தபடி நின்றது. சமையலறை வாசலில் வரவேற்பாளர் மெல்ல உள்ளே நழுவினாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், இந்தத் தவளைக்கு வாய் கொடுத்தவள் தானே என்று அக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மேசையில் பையன் விரலால் கோடு போட்ட இடத்தைப் பார்த்தார்.

"நாலா?" என்றார்.

மறுபடி அவரே பேசினார்.

"பரீட்சை ஏப்ரல். நான் விழுந்தது ஜூலை. ரிசல்ட் வந்ததுக்கு அப்புறம்தான் விழுந்தேன். உன் பேப்பர் போனதுக்கு என் கால் எப்படிக் காரணமாகும்?"

அக்கா குறுக்கே வந்து, அது தான் எழுதியது, விண்ணப்பத்தில் அனுப்பியும் ஆயிற்று, அதையெல்லாம் யாரும் தேதி வைத்துப் பார்க்க மாட்டார்கள் என்று விளக்கப் பார்த்தாள். சொல்லும்போதே தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. அப்பா அவள் பக்கம் திரும்பவே இல்லை. சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். தேர்வாளர் நாற்காலியை விட்டு அவர் எழவில்லை.

"சரி தம்பி, நேர்காணல் இன்னும் முடியல. நிஜமான காரணத்தைச் சொல்லுங்க."

பிறந்ததிலிருந்து அவனை வாடா போடா என்று மட்டுமே கூப்பிட்டவர் அவர். இப்போது 'சொல்லுங்க' என்றார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, அவள் சொல்லிக்கொடுக்காத ஒன்றை, திக்கித் திக்கிச் சொன்னான்.

"படிக்கல சார். அதுவரைக்கும் கடைசி ராத்திரி படிச்சே பாஸ் ஆயிட்டிருந்தேன். அந்த செமஸ்டர்லயும் அப்படியே ஆயிடும்னு நெனச்சேன். கிளாஸுக்குப் போகாம ரூம்ல படுத்துக்கிட்டு போன்ல கேம் ஆடினேன். வேற ஒண்ணுமில்ல சார்."

"அப்புறம் எப்படித் தேறினீங்க?"

மூன்றை எப்படியோ எழுதிவிட்டதாகச் சொன்னான். வெப்பப் பாடம் இரண்டாம் முறையும் போனபோதுதான் பயம் வந்திருக்கிறது. அந்தப் பாடம் ஜூனியர்களுக்கு நடக்கும் வகுப்பில் அனுமதி வாங்கிக்கொண்டு முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறான். முழு செமஸ்டரும். ஜூனியர்கள் அவனுக்குத் தாத்தா என்று பெயர் வைத்தார்களாம். கணக்கு போட்டுக்காட்ட ஆள் கேட்டால், தாத்தா வருவார் சார் என்று பின்னாலிருந்து குரல் வருமாம். இதைச் சொல்லும்போது அவனுக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கு வரவில்லை. நீங்கள் போகலாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டார். இரவுச் சாப்பாட்டைத் தனியாகவே சாப்பிட்டார்.

படுக்கப் போகும் முன் அக்கா தம்பியிடம் கெஞ்சாத குறை. அப்பா கோபம் இரண்டு நாளில் தணியும், வேலை போனால் வராது, எழுதிக் கொடுத்ததற்கு மாறாக வாயால் சொன்னால் எந்தக் கம்பெனியும் எடுக்காது, நானாக இருந்தாலும் எடுக்க மாட்டேன் என்றாள். இது பயமுறுத்தல் இல்லை, அவளுக்குத் தெரிந்த உண்மை. அவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். விடிந்ததும் தேய்த்த சட்டையில் கிளம்பிப் போனான். அப்பா அதற்கு முன்பே பணிமனைக்குப் போயிருந்தார்.

அன்று அலுவலகத்தில் அக்கா ஒரு ரெஸ்யூமைக்கூட ஒழுங்காகப் படிக்கவில்லை. மதியத்துக்கு மேல் போன் வந்தது. எடுத்த எடுப்பிலேயே, சொல்லிட்டேன் அக்கா என்றான்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். ப்ராஜெக்டைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறார்கள். பிறகு நடுவில் இருந்த பெண்மணி, அவர்தான் சர்வீஸ் பிரிவின் தலைமைப் பொறியாளர், விண்ணப்பத்தைப் புரட்டி, அப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டிருக்கிறார். குறுக்கு விசாரணை இல்லை. நிஜமான அக்கறை. அந்த அக்கறையைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"நல்லா இருக்கார் மேடம், ஆனா அவர் கால் முறிஞ்சது பரீட்சைக்கு அப்புறம், அங்க எழுதியிருக்கறது தப்புன்னு சொன்னேன். யார் எழுதினதுன்னு கேட்டாங்க. என் பேர்ல வந்த விண்ணப்பம், நான்தான் மேடம்னு சொன்னேன்."

அக்கா நாற்காலியை விட்டு எழுந்து நடைக்கூடத்துக்குப் போய்விட்டாள். அங்கே நின்று அழுதாள். அவள் எழுதிய புளுகை அவன் தன் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறான். அதைக் கேட்டதும் நேர்காணல் அறையில் ஓரத்தில் இருந்தவர் பேனாவை மூடிவிட்டாராம். அந்தப் பெண்மணி மட்டும், அப்படியானால் நிஜமாக என்ன நடந்தது என்று கேட்க, இவன் கேம் முதல் தாத்தா வரை சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு வெப்பப் பாடத்திலேயே நோண்டி நோண்டிக் கேட்டாராம். இரண்டுக்குத் தெரியவில்லை, தெரியாது என்று சொல்லியிருக்கிறான். கடைசியில், விண்ணப்பத்தைத் திருத்தி, இதுதான் உண்மை என்று உறுதிமொழியோடு, எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டும் சேர்த்து மறுநாளைக்குள் அனுப்பச் சொன்னார்களாம். எடுப்போம் என்றோ மாட்டோம் என்றோ சொல்லவில்லை.

சாயங்காலம் தம்பியே கணினி முன் உட்கார்ந்தான். அக்கா பின்னால் நின்றாள். காரணம் என்ற கட்டத்தில் அவன் எழுதினான்: படிக்கவில்லை. வகுப்புக்குப் போகவில்லை. பிறகு போனேன், படித்தேன்.

அக்காவின் கை பரபரத்தது. கொஞ்சம் பூசி மெழுகலாம், நேர மேலாண்மை என்று ஒரு வார்த்தை போடலாம், அது பொய்யும் ஆகாது. விசைப்பலகையை நோக்கி விரல் நீண்டபோது, அப்பாவின் குரல் கேட்டது. எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை.

"அதுல கை வைக்காதம்மா."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அப்பா மார்க் ஷீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஆறாவது செமஸ்டர் வந்ததும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நாலு பாடத்தையும் வாய்க்குள் படித்தார். வெப்பப் பாடத்துக்கு மூன்று தாள் இருந்தன. மூன்றையும் தேதிவாரியாக அடுக்கி, ஓரம் தட்டி, தம்பியிடம் கொடுத்தார்.

அடுத்த வாரம் பதில் வந்தது. வேலை உண்டு. ஆனால் மற்றவர்களுக்கு ஆறு மாதம் இருக்கும் தகுதிகாண் காலம் இவனுக்கு ஒரு வருஷம். முதலில் தவறான தகவல் கொடுத்ததால் என்று காரணத்தையும் போட்டிருந்தார்கள். அக்காவின் அனுபவத்தில் இந்த அளவோடு தப்பித்ததே பெரிது. அம்மா சந்தோஷத்தில் அடுப்பில் வைத்ததை மறந்து தீயவிட்டாள். தம்பி அப்பாவிடம் கடிதத்தைக் காட்டினான். அவர் படித்தார், தலையை ஆட்டினார், திருப்பிக் கொடுத்தார். இன்னும் அவனோடு சரியாகப் பேச்சில்லை. வேலை கிடைத்தும் தம்பியின் முகம் தொங்கியே கிடந்தது.

சேர வேண்டிய நாள் காலை. தம்பி வாசலில் குனிந்து புது ஷூவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கூடத்தில் போன் அடித்தது, பெரியப்பா. அவர் குரல் எப்போதுமே தெருமுனை வரை கேட்கும். என்னப்பா, அந்த ஒரு பேப்பர் விஷயத்தை எப்படிச் சமாளித்தான் என்று கேட்டார். தம்பியின் கை நின்றது. வழக்கம்போல வெளியே நழுவலாம் என்றால், ஒரு ஷூவைத்தான் மாட்டியிருந்தான்.

"ஒண்ணு இல்ல அண்ணே, நாலு" என்றார் அப்பா. "படிக்காம ஃபெயில் ஆனான். அப்புறம் சின்னப் பசங்க கிளாஸ்ல முதல் பெஞ்சுல போய் உக்காந்து படிச்சு பாஸ் பண்ணான். உங்களாலயும் என்னாலயும் அப்படி உக்காந்திருக்க முடியாது."

அந்தப் பக்கம் பெரியப்பா ஏதோ சொன்னார். அப்பா கேட்டுக்கொண்டே வாசல் பக்கம் திரும்பினார்.

"டேய், முதல் நாளே லேட்டா போகாதடா" என்றார்.

தம்பி ஷூ கயிற்றைக் கட்ட முயன்றான். கண் மறைத்ததில் முடிச்சு விழவில்லை. அக்கா குனிந்து கட்டிவிட்டாள்.